சிறுகதை: விருந்துக் கணக்கு (காப்பாளரின் கணக்கு நம்பும்படி இருக்கிறதா?)

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கல்லூரி விடுதியைக் களமாக வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறேன். கதையாக எப்படி இருக்கிறது என்பதோடு, காப்பாளர் பணம் மிச்சம் பிடிக்கும் முறை நடைமுறையில் சாத்தியமா என்றும் சொல்லுங்கள். விடுதியில் இருந்தவர்கள், விடுதி நடத்தியவர்கள் பார்த்தால் இன்னும் நல்லது.

*விருந்து*

2022 ஜூலையில் நடந்த விடுதிக் குழுக் கூட்டத்தில் செயலர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "எண்ணெய் விலை இப்படி, சிலிண்டர் விலை அப்படி. மெஸ் பில் தலைக்கு மூவாயிரத்தைத் தாண்டினால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். இந்த வருடம் விடுதி நாள் விருந்து வேண்டாம்."

காப்பாளர் ஞானராஜ் எதிர்த்துப் பேசவில்லை. இரவு அறைக்கு வந்ததும் பழைய விருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார். நூற்று ஐம்பது பையன்கள், வேலையாட்களும் விருந்தினரும் இருபது பேர். மட்டன் பிரியாணி, கோழி வறுவல், சைவத்துக்குத் தனி, இனிப்பு, ஐஸ்கிரீம். நாற்பத்தைந்தாயிரம் இல்லாமல் நடக்காது.

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தன்று முதல் பந்தியில் சமையல்காரர், பாத்திரம் கழுவும் அம்மா, வாட்ச்மேன், தோட்டக்காரர் உட்காருவார்கள். இறுதியாண்டுப் பையன்கள் பரிமாறுவார்கள். மூன்று வருடம் அவர்கள் கையால் சாப்பிட்டவர்கள் திருப்பிச் செய்யும் ஒரே நாள் அது. அதை நிறுத்த ஞானராஜுக்கு மனம் வரவில்லை.

மறுநாளே குறைக்கத் தொடங்கினார். வாரம் மூன்று முட்டை இரண்டானது. மாலைச் சுண்டல் வாரத்தில் மூன்று நாளோடு நின்றது. தேநீரில் பால் கொஞ்சம் இளைத்தது. பையன்கள் முணுமுணுத்தார்கள். அவர் காரணம் சொல்லவில்லை. மிச்சமானதை ஒரு நீல நோட்டில் எழுதி, பணத்தை மேசை இழுப்பறையில் சேர்த்துவந்தார்.

மார்ச் மாதம் ஒரு காலை, அறிவிப்புப் பலகையில் "சனிக்கிழமை விடுதி நாள் விருந்து" என்று எழுதி ஒட்டினார். பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வராந்தாவைச் சுற்றி வந்தார்கள். சமையல்காரர் சுடலை முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த பிரியாணியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

(முற்றும்)

---

மலர்விழி எழுதியது:

முதல் பந்தி வழக்கம் அருமை. கதையின் உயிரே அதுதான். ஆனால் ஞானராஜ் எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு மாதம் பையன்களின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டு, கடைசியில் அதையே பிரியாணியாகத் திருப்பிக் கொடுக்கிறார். அதற்கு எதற்குத் தோளில் தூக்குகிறார்கள்? அவர் கொடுத்தது அவர்களுடைய சாப்பாட்டைத்தானே.

இன்னொன்று. விருந்தன்று வீட்டுக்குப் போயிருக்கும் பையனும், நடு வருடத்தில் விடுதியை விட்டுப் போன பையனும் முட்டையை இழந்தார்கள், விருந்தையும் இழந்தார்கள். கதை அவர்களைப் பார்க்கவே இல்லை.

---

சங்கர்84 எழுதியது:

கதை நல்லா இருக்கு நண்பா. ஒரு யோசனை: முட்டையில் கை வைக்காமல் மொத்தக் கொள்முதலில் மிச்சம் பிடிப்பதாகக் காட்டலாம். புளி, மிளகாய் வற்றல் இரண்டும் மாசி பங்குனியில் புதுசு வரும். அப்போது வருடத்துக்கு வாங்கிப் போட்டால் நல்ல லாபம். மிச்சமானதை வங்கியில் போட்டுவைத்து விருந்துக்கு எடுக்க வேண்டியதுதான். அரசு விடுதிகளிலும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

---

பழைய மெஸ் செகரட்டரி எழுதியது:

பொருநைக்கரை தம்பி, நான் படித்த கல்லூரி விடுதியில் மெஸ் செகரட்டரியாக இருந்தேன். அப்புறம் வேறொரு கல்லூரியில் துணைக் காப்பாளராகவும் இருந்தேன். கதையில் வருவது டிவைடிங் சிஸ்டம் மெஸ் என்றால், இழுப்பறையில் பணம் சேர வழியே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். மாதம் முடிந்ததும் அந்த மாதம் ஆன மளிகை, காய்கறி, பால், கேஸ், சமையல் கூலி எல்லாவற்றையும் கூட்டுவோம். பையன்கள் எத்தனை பேர் எத்தனை நாள் கணக்கில் இருந்தார்கள் என்பதையும் கூட்டுவோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம். உங்கள் கதையிலேயே பார்க்கலாம். மாதச் செலவு 4,20,000 ரூபாய், லீவு போட்டவர்களைக் கழித்து மொத்தம் 4,200 ஆள்நாள் என்றால், நாளுக்கு 100 ரூபாய்.

இப்போது ஞானராஜ் வாரம் ஒரு முட்டையை நிறுத்துகிறார். ஐந்தரை ரூபாய் என்று வைத்தால் 150 பேருக்கு மாதம் 3,300 ரூபாய் மிச்சம். அது அவர் கைக்கு வராது. மாதச் செலவு 4,16,700 ஆகும். நாள் கட்டணம் 99 ரூபாய் 21 பைசாவாக இறங்கும். அந்தப் பணம் பையன்களின் பில்லுக்கே போய்விடும். அது இழுப்பறைக்கு வர வேண்டுமென்றால், வாங்காத முட்டைக்கு அவர் பில் எழுதியிருக்க வேண்டும். அப்படியென்றால் உங்கள் கதாநாயகன் பொய்க் கணக்கு எழுதியவர். நோக்கம் எதுவாக இருந்தாலும் தணிக்கைக்காரர் கண்ணில் அது கையாடல்தான்.

சங்கர் சொன்ன மொத்தக் கொள்முதல் பாதி சரி. புளி, வற்றல் வாங்கி வைக்கலாம். ஆனால் இந்த முறையில் வருடத்துக்கான புளியை மார்ச்சில் வாங்கினால், அந்தச் செலவு முழுக்க மார்ச் மாதப் பையன்கள் தலையில் விழும். இருப்புப் பேரேடு ஒழுங்காக வைத்து, எடுத்துப் பயன்படுத்திய அளவை மட்டும் அந்தந்த மாதக் கணக்கில் காட்டத் தெரிந்த ஸ்டோர் கீப்பர் இருந்தால்தான் அது நடக்கும். வண்டு விழுவது, புளி கசிவது எல்லாம் தனிக்கதை.

---

அருணாசலம் எழுதியது:

என் மகன் விடுதியை விட்டு வந்து பல மாதம் ஆகிறது. முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. காப்பாளரைக் கேட்டால் அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார், அலுவலகத்தில் காப்பாளரைக் கேட்கச் சொல்கிறார்கள். கதையில் வருவது போல இழுப்பறையில்தான் இருக்குமோ என்னவோ. யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய மெஸ் செகரட்டரி எழுதியது:

அருணாசலம் ஐயா, இங்கே ஒரு சிறுகதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இருந்தாலும் சொல்கிறேன். முன்பண ரசீதின் நகலை வைத்து, கடைசி மெஸ் பில் கட்டியாகிவிட்டது, பாக்கி இல்லை என்று குறிப்பிட்டு, கல்லூரி முதல்வர் பெயருக்கே ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். கல்லூரி விடுதிகள் பலவற்றில் முதல்வர்தான் தலைமைக் காப்பாளராகவும் இருப்பார். வாய்ப்பேச்சில் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

---

ஓய்வுபெற்ற காப்பாளர் எழுதியது:

சங்கர் தம்பி அரசு விடுதியைச் சொன்னதால் எழுதுகிறேன். அரசு நல விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே கணக்கே வேறு. தலைக்கு மாதம் இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த உணவுக் கட்டணம்தான். 2023-இல் அதைப் பள்ளி மாணவருக்கு 1,000-லிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவருக்கு 1,100-லிருந்து 1,500 ஆகவும் உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் கல்லூரி மாணவருக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்தான். வருகைப் பதிவேட்டில் இருக்கும் தலைக்குத்தான் பணம் கேட்க முடியும். மிச்சத்தை வங்கியில் போட்டு வைத்து மார்ச்சில் விருந்து வைப்பது அங்கே நடக்காத காரியம். நிதியாண்டு முடிந்தால் பயன்படுத்தாத ஒதுக்கீட்டை ஒப்படைக்க வேண்டும்.

அதனால் கதையைக் கல்லூரி விடுதியிலேயே வைத்திருங்கள். அரசு விடுதிக்குக் கொண்டு போனால் ஞானராஜ் முதல் ஆய்விலேயே மாட்டிக்கொள்வார்.

---

பொருநைக்கரை எழுதியது:

அண்ணா, ஐயா, இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி. அப்படியென்றால் நேர்மையான காப்பாளர் ஒருவர் இந்த நாற்பத்தைந்தாயிரத்தை எப்படித்தான் கொண்டுவருவார்? மூவாயிரம் வரம்பும் நிற்க வேண்டும், விருந்தும் நடக்க வேண்டும். கதை முழுக்க அந்த இடத்தில்தான் நிற்கிறது.

---

பழைய மெஸ் செகரட்டரி எழுதியது:

தட்டுக்கு வருவதைக் குறைக்காதீர்கள். தட்டுக்கு வராமலே போவதைத் தேடச் சொல்லுங்கள் அவரை. அது வெள்ளிக்கிழமை இரவில் கிடைக்கும்.

பக்கத்து மாவட்டப் பையன்கள் வெள்ளி மாலையே பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் தொடர்ந்து மூன்று நாளாவது போனால்தான் மெஸ் கட், அதாவது அந்த நாட்களுக்குக் கட்டணக் கழிவு, என்று பல விடுதிகளில் விதி உண்டு. வாரக் கடைசிக்குப் போகிறவன் அதில் வரமாட்டான், எழுதியும் கொடுக்கமாட்டான். சமையல்காரருக்கு 150 பேர் என்பதுதான் கணக்கு. அனுபவத்தில் கொஞ்சம் குறைத்துப் போடுவார், ஆனால் சோறு பற்றாமல் போனால் திட்டு அவருக்குத்தான் விழும் என்பதால் நிறையக் குறைக்கமாட்டார். எங்கள் விடுதியில் எண்பது பேர் சாப்பிடும் இரவில் நூற்றுப்பத்துப் பேருக்கு உலை வைப்பார்கள். தலைக்கு 150 கிராம் அரிசி என்றால் ஒரு வேளைக்கு நாலரை கிலோ அரிசியும், அதற்கேற்ற சாம்பார், பொரியல், கேஸும் தொட்டிக்குப் போகின்றன.

வெள்ளி இரவு, சனி மதியம், சனி இரவு, ஞாயிறு மதியம் என்று வாரத்துக்கு நாலு வேளை. முப்பது பேர் சாப்பாடு, வேளைக்கு 25 ரூபாய் பொருள் செலவு என்று போடுங்கள். வாரம் 3,000, மாதம் 12,000. முட்டையை நிறுத்தினால் கிடைப்பதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். யார் தட்டும் குறையவில்லை.

வழி ஒன்றும் பெரிதில்லை. மெஸ் வாசலில் ஒரு நோட்டு. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, இரவிலிருந்து யார் இருப்பார்கள், யார் இல்லை என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மணிக்கு அதை எண்ணி சமையல்காரரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். முதல் மாதம் குளறுபடியாகத்தான் இருக்கும். ஒருவன் நாலு பேருக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போடுவான். ஊருக்குப் போகிறேன் என்று எழுதியவன் பஸ் கிடைக்காமல் ஒன்பது மணிக்குப் பசியோடு திரும்பி வருவான். அவனுக்கென்று ரவையும் வெங்காயமும் எடுத்து வைத்திருக்க வேண்டும். அவனைப் பட்டினி போட்டால் அடுத்த வாரம் எல்லோரும் "இருக்கிறேன்" என்றே எழுதுவார்கள், நோட்டு செத்துவிடும்.

உண்மையிலேயே மிச்சமாகிறதா என்பதை மளிகை பில்லை வைத்து உடனே சொல்ல முடியாது, விலை ஏறி இறங்கும். மிச்சச் சோற்றை எடுத்துப் போக வரும் பன்றிப் பண்ணைக்காரரின் டிரம்மைப் பாருங்கள். வாரக் கடைசியில் மூன்று டிரம் போன இடத்தில் ஒன்று போனால் நோட்டு வேலை செய்கிறது.

சரி, இந்த 12,000 எப்படி விருந்துக்கு வரும்? அதுவும் பில்லில்தான் கழியும், தலைக்கு மாதம் எண்பது ரூபாய் குறையும். இங்கேதான் ஞானராஜ் வாயைத் திறக்க வேண்டும். குழுவில் மாணவப் பிரதிநிதிகளையும் உட்கார வைத்து, குறையும் எண்பதில் நாற்பத்தைந்தை விருந்து நிதி என்று பில்லில் தனி வரியாகக் காட்டிப் பிடிக்கலாமா என்று கேட்டுத் தீர்மானம் போட வேண்டும். ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை ஏழு மாதம், 150 பேர், 47,250 ரூபாய். விருந்தும் நடக்கும், பில்லும் பழையதைவிட முப்பத்தைந்து ரூபாய் குறைவு. நடுவில் விடுதியை விட்டுப் போகிறவனுக்கு அதுவரை பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மலர்விழி கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில்.

---

மூன்றாம் மாடி எழுதியது:

நான் இப்போது விடுதியில் இருக்கும் மாணவன். சைவம். அண்ணன் சொன்ன 47,250-இல் மட்டன் மட்டும் எவ்வளவு வரும்? எங்கள் விடுதி விருந்தில் எனக்குக் கிடைப்பது வெஜ் பிரியாணியும் பன்னீரும்தான். நாற்பத்தைந்து ரூபாயை நானும் சமமாகத் தருகிறேன். இதைக் கதையில் யாராவது ஒரு பையன் கேட்க வேண்டும்.

---

பழைய மெஸ் செகரட்டரி எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. 170 பேருக்கு எலும்போடு 28 கிலோ கறி, கிலோ 800 ரூபாய்க்கு 22,400. விருந்துச் செலவில் பாதி அதுவே. நாங்கள் சைவப் பையன்களுக்கு மாதம் முப்பது ரூபாய் என்று பிடித்துப் பார்த்தோம். உடனே சைவப் பட்டியல் இரண்டு மடங்காகிவிட்டது. விருந்தன்று அவர்களில் பாதிப்பேர் மட்டன் வரிசையில் நின்றார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆக்கினோம். அது சரி என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

---

பொருநைக்கரை எழுதியது:

நடுப்பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன். முட்டை, சுண்டல், இழுப்பறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

*வெள்ளி இரவு பத்து மணிக்கு ஞானராஜ் சமையல்கட்டின் பின்பக்கம் வந்தார். மூன்று நீல டிரம்கள் விளிம்புவரை நிரம்பியிருந்தன. மேலே கிடந்த சோற்றைக் கரண்டியால் தள்ளிப் பார்த்தார். ஒரு விரல்கூடப் படாத சோறு, பருக்கை பருக்கையாக நின்றது. சாம்பார் ஊற்றிப் பிசைந்தது அல்ல, அண்டாவிலிருந்து அப்படியே கவிழ்த்தது.*

*"எத்தனை பேருக்குப் போட்டீங்க, சுடலை?"*

*"நூத்திப்பத்து சார்."*

*"சாப்பிட்டது?"*

*சுடலை பதில் சொல்லாமல் அடுப்பைத் துடைத்தார். பிறகு, "பத்தலைன்னா என்னையத்தான சார் கேப்பாங்க" என்றார்.*

*திங்கட்கிழமை மெஸ் வாசலில் ஒரு நோட்டும், கயிற்றில் கட்டிய பேனாவும் தொங்கின. ஐந்தாவது வாரம் டிரம் ஒன்றானது. அன்று காலை டெம்போவில் வந்த பண்ணைக்காரர் ஒரு டிரம்மை மட்டும் ஏற்றிக்கொண்டு, சுடலையின் கையில் வழக்கமாக வைக்கும் நோட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போனார். ஞானராஜ் மாடிப்படியில் நின்று அதைப் பார்த்தார்.*

குழுக் கூட்டத்தில் ஞானராஜ் நாற்பத்தைந்து ரூபாயைக் கேட்கும் காட்சியும், சைவப் பையன் எழுந்து கேள்வி கேட்பதும் அடுத்து வரும்.

---

மலர்விழி எழுதியது:

இது வேறு கதை, இப்போதுதான் நம்புகிறேன். டிரம் காசு சுடலைக்குப் போவதை எங்கிருந்து பிடித்தீர்கள்? அந்த ஒரு இடத்தில் ஞானராஜின் சிக்கனம் யார் வயிற்றில் அடிக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. முதல் பந்தியில் உட்கார வைத்து மரியாதை செய்யப்போகிற அதே ஆளின் வருமானத்தைத்தான் அவர் குறைத்திருக்கிறார். இனிமேல் சுடலை கண்ணைத் துடைத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

---

ஓய்வுபெற்ற காப்பாளர் எழுதியது:

உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார் அம்மா. எச்சில் சோறு, காலி எண்ணெய் டின், வெறும் சாக்கு, இந்த மூன்றும் சமையல்கட்டின் எழுதப்படாத வருமானம். விதிப்படி டின்னும் சாக்கும் விற்ற காசு மெஸ் வரவில் வர வேண்டும். நடைமுறையில் குறைந்த சம்பளக்காரர் வீட்டுக்கு அது போகும், காப்பாளர்கள் தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பார்கள். அதில் கை வைத்த பிறகுதான் பல விடுதிகளில் நோட்டு காணாமல் போகும், பேனா எழுதாது, எண்ணிக்கை தப்பாக வரும். ஞானராஜுக்கு உண்மையான எதிர்ப்பு செயலரிடமிருந்து வராது, சமையல்கட்டிலிருந்துதான் வரும். அதைக் கதை சந்தித்தே ஆக வேண்டும்.

---

சங்கர்84 எழுதியது:

அப்போ விருந்து நிதியிலிருந்து மாதம் ஐநூறு சுடலைக்குக் கொடுத்துவிட்டால் ஆச்சு. 47,250-இல் கொஞ்சம் மிச்சம் இருக்குல்ல?

---

பழைய மெஸ் செகரட்டரி எழுதியது:

ஏழு மாதத்துக்கு 3,500 ரூபாய் சங்கர். விருந்துச் செலவு போக மிஞ்சுவதே ஏறக்குறைய இரண்டாயிரம்தான். தவிர, விருந்துக்கென்று பையன்களிடம் கேட்டு வாங்கிய பணத்தை வேறொன்றுக்கு எடுத்தால் மறுபடியும் இழுப்பறைக் கதைதான். கொடுப்பதென்றால் சமையல் கூலியிலேயே ஏற்றிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் நாள் கட்டணம் பன்னிரண்டு பைசா ஏறும். பையன்கள் அதற்கு மறுப்பு சொல்லமாட்டார்கள். வருடா வருடம் நிற்கிற ஏற்றம் என்று செயலர் மறுப்பார்.

---

பொருநைக்கரை எழுதியது:

அந்தப் பன்னிரண்டு பைசாவைக் குழுக் கூட்டக் காட்சியில் வைக்கிறேன் அண்ணா. நாற்பத்தைந்து ரூபாய்க்குச் செயலர் எளிதாகச் சம்மதித்துவிடுகிறார், பன்னிரண்டு பைசாவில் மல்லுக்கு நிற்கிறார். சுடலைக்குக் கூலி ஏறியதா இல்லையா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. எழுதி முடித்ததும் முழுக்கதையையும் இங்கேயே போடுகிறேன்.